ஆயுள் நீண்ட அச்சியந்திரம்: பழைய கணக்கைத் தொடலாமா?

*ஐயா, கொட்டாஞ்சேனையில் உள்ள ஓர் அச்சகத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். எங்கள் நான்கு வர்ண ஓப்செட் அச்சியந்திரத்தை 2019 ஏப்ரல் 1 அன்று 180 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். ஆயுள் 10 ஆண்டு, முடிவில் 20 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்து, நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 16 இலட்சம் பெறுமானத்தேய்வு எழுதி வருகிறோம். ஆண்டுக்கு 1 கோடி தாள் அச்சாகும் என்பது அப்போதைய எண்ணம். ஆனால் கடந்த செப்டெம்பர் முடிவில் இயந்திரத்தின் மீட்டர் 3 கோடி 90 இலட்சம்தான் காட்டியது. இப்போதைய ஓட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 75 இலட்சம். அப்போது பரிசோதித்த பொறியியலாளர் இன்னும் 8 ஆண்டு ஓடும் என்று செப்டெம்பர் 30ஆம் திகதியிட்டு அறிக்கை தந்திருக்கிறார். பழைய இயந்திரம் விற்பவர் ஒருவர், 14, 15 வயதான இதே மாதிரி இன்று 12 இலட்சத்துக்குப் போகும் என்றார்.*

*கிரயத்தை மொத்த ஆயுளான பதினான்கரை ஆண்டுக்குப் பிரித்து, இதுவரை கூடுதலாக எழுதியதைத் திருப்பி எடுக்கலாம் என்று நினைத்தேன். முதலாளிக்கும் அதுவே விருப்பம். 2022இல் இயந்திரம் மாதக்கணக்கில் சும்மா நின்றதற்கும் தேய்வு எழுதினோமே என்று குறைப்படுகிறார். 2033இல் விலைவாசி எங்கேயோ போயிருக்கும், கடைசி விலையை 50 இலட்சம் என்று போடு என்றும் சொல்கிறார். கணக்காய்வுக்கு வரும் தம்பியோ பழைய ஆண்டுகளைத் தொடக்கூடாது என்கிறார். 2026 மார்ச் 31இல் ஆண்டு முடிகிறது. யார் சொல்வது சரி?*

*— வாசகர், கொழும்பு 13*

கணக்காய்வுக்கு வரும் தம்பி சொல்வதே சரி. 2025 மார்ச் 31 வரை மூடிய கணக்குகளில் ஒரு சதமும் மாறாது. அந்த ஆண்டுகளில் எழுதிய தேய்வு, அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நேர்மையாகச் செய்த மதிப்பீடு. பிறகு புதிய தகவல் வந்தால் மதிப்பீடு மாறும். பழைய மதிப்பீடு அதனால் பிழையாகிவிடாது. மாதத்தின் நடுவில் இரண்டு விருந்தாளிகள் வந்து தங்கினால், மூட்டையில் மிச்சமிருக்கும் அரிசியைத்தான் மிச்சமுள்ள நாட்களுக்குப் பங்கிட முடியும். முதல் வாரம் சமைத்ததை யாரும் மீண்டும் அளப்பதில்லை. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 ஆயுளையும் எஞ்சிய பெறுமதியையும் குறைந்தது ஒவ்வோர் ஆண்டு முடிவிலாவது மீளாய்வு செய்யச் சொல்கிறது. எதிர்பார்ப்பு மாறியிருந்தால் அதை நியமம் 8இன்படி மதிப்பீட்டு மாற்றமாகக் கொண்டு, மாறிய நாளிலிருந்து முன்னோக்கி மட்டும் நடத்த வேண்டும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தில் நீங்கள் இருந்தாலும் இந்த விடயத்தில் கணக்கு இதே கணக்குத்தான். ஆயுள் மாறியிருக்கலாம் என்பதற்கு அறிகுறி தெரியும்போது மீளாய்வு செய்தால் போதும் என்பது மட்டுமே அங்கே உள்ள சலுகை.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். 2019 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு 16 இலட்சம். எனவே திரண்ட பெறுமானத்தேய்வு 96 இலட்சம், ஏட்டுப் பெறுமதி 84 இலட்சம். இந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்துக்குப் பழைய வீதமே செல்லும். அது 8 இலட்சம். ஆகவே 2025 செப்டெம்பர் 30 அன்று ஏட்டில் நிற்பது 76 இலட்சம். இந்த எண்ணிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. 180 இலட்சம் என்ற கிரயத்துக்கு இனி இந்தக் கணக்கில் வேலையில்லை. சொத்துப் பதிவேட்டில் அது கிரயமாக அப்படியே நிற்கும், அவ்வளவுதான்.

76 இலட்சத்திலிருந்து புதிய எஞ்சிய பெறுமதி 12 இலட்சத்தைக் கழித்தால் 64 இலட்சம். அதை எஞ்சியுள்ள 8 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 8 இலட்சம். ஒக்டோபர் முதல் மார்ச் வரை அதில் பாதி, 4 இலட்சம். ஆக, 2025/26 ஆண்டுக்கான மொத்தத் தேய்வு 8 உடன் 4 சேர்ந்து 12 இலட்சம். ஆண்டு முடிவில் ஏட்டுப் பெறுமதி 72 இலட்சம். கணினியில் எக்செல் வைத்திருந்தால், கிரயம் இருக்க வேண்டிய இடத்தில் ஏட்டுப் பெறுமதியைக் கொடுத்து இப்படி எழுதலாம்:

```
=SLN(7600000,1200000,8)
```

விடை 800000 என்று வர வேண்டும். மதிப்பீடு மாறிய ஒக்டோபர் 1 அன்று நாளேட்டில் எழுத எதுவும் இல்லை. பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கிறது. பெரிய முடிவு எடுத்திருக்கிறோம், ஒரு பதிவாவது போட வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வழக்கம்போலப் பெறுமானத்தேய்வுக் கணக்கை வரவு வைத்து, திரண்ட பெறுமானத்தேய்வுக் கணக்கைச் செலவு வைப்பீர்கள். தொகை மட்டும்தான் வேறு.

நீங்கள் நினைத்த வழியில் போனால் என்ன நடக்கும் என்பதையும் போட்டுப் பார்த்துவிடுவோம். கிரயத்திலிருந்து 12 இலட்சத்தைக் கழித்து 168 இலட்சத்தைப் பதினான்கரை ஆண்டுக்குப் பிரித்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 59 ஆயிரம் வரும். அந்த வீதத்தில் கழிந்த ஆறரை ஆண்டுக்கு ஏறக்குறைய 75 இலட்சத்து 30 ஆயிரம் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருப்பதோ 104 இலட்சம். வித்தியாசமான 28 இலட்சத்து 70 ஆயிரத்தைத் திருப்பி எடுத்தால், சொந்தமாக ஒரு தாள்கூடக் கூடுதலாக அச்சடிக்காமல் அவ்வளவு இலாபம் இந்த ஆண்டுக் கணக்கில் முளைத்துவிடும். பிடித்துவைத்த இலாபத்தில் நேரடியாகச் சேர்த்தாலும் தவறு தவறுதான். சில கணக்கு மென்பொருள்களில் சொத்தின் ஆயுளைத் திருத்தியவுடன், வாங்கிய நாளிலிருந்தே மீண்டும் கணக்கிட்டு இப்படி ஒரு வித்தியாசத்தை நடப்பு மாதத்தில் தானாகவே போட்டுவிடும். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், ஆயுளை மாற்றும்போது எந்தத் திகதியிலிருந்து என்று அது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் அந்த ஒரு சொத்தின் தேய்வைக் கையால் போடுவது நல்லது.

இன்னும் இரண்டு இடறல்களை அடிக்கடி காண்கிறேன். பழையதைத் திருப்பி எடுக்காமல், இனிமேல் மட்டும் 11 இலட்சத்து 59 ஆயிரம் என்று எழுதுவது ஒன்று. எட்டு ஆண்டில் அது 92 இலட்சத்தைத் தாண்டும். ஏட்டில் இருப்பதோ 76 இலட்சம்தான். மற்றது, 64 இலட்சத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, எஞ்சிய எட்டுக்குப் பதிலாக மொத்தப் பதினான்கரையால் வகுப்பது. அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 4 இலட்சத்து 41 ஆயிரம்தான் வரும். எட்டு ஆண்டு முடிந்து இயந்திரம் வெளியேறும் நாளில் ஏட்டில் இன்னும் 40 இலட்சத்துக்கு மேல் நிற்கும். இரண்டையும் பிடிக்க ஒரே சோதனை போதும். எந்த வீதத்தைக் கண்டுபிடித்தாலும், கடைசி ஆண்டு வரை வரிசையாகக் கழித்துக்கொண்டே போங்கள். 2033 செப்டெம்பர் 30 அன்று ஏட்டுப் பெறுமதி மிகச் சரியாக 12 இலட்சத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்கு மேலோ கீழோ நின்றால் எங்கோ தவறிவிட்டது.

இதே வரிசையை முதலாளியிடமும் காட்டுங்கள், ஏனென்றால் அவர் இதை இலாபம் கூடும் வழியாகப் பார்க்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. பழைய திட்டத்தில் இந்த ஆண்டு 16 இலட்சம் செலவாகியிருக்கும், இப்போது 12. இந்த ஆண்டுக்கு 4 இலட்சம் குறைவு. அடுத்த மூன்று ஆண்டுகளும் 16க்குப் பதில் 8, அதாவது மொத்தம் 24 இலட்சம் குறைவு. ஆனால் பழைய திட்டம் 2029 மார்ச் 31உடன் முடிந்துவிடும். அதன் பிறகு நான்கரை ஆண்டுகளுக்கு, முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆண்டுக்கு 8 இலட்சம் வீதம் 36 இலட்சம் எழுத வேண்டும். குறைந்தது 28, கூடியது 36. மிஞ்சும் 8 இலட்சம் எங்கிருந்து வந்தது? எஞ்சிய பெறுமதியை 20இலிருந்து 12ஆகக் குறைத்ததிலிருந்து. ஆக மொத்தச் செலவு குறையவே இல்லை, சற்றுக் கூடியிருக்கிறது. அது விழும் ஆண்டுகள் மட்டும் மாறியிருக்கின்றன.

அடுத்து, இது மதிப்பீட்டு மாற்றமா, முன்னைய ஆண்டுகளின் பிழையா என்ற கேள்வி. இதில்தான் கணக்காய்வாளர்களுக்கு இடையிலும் சில வேளை வாக்குவாதம் வரும். பிழை என்று தீர்மானமாகி, அது பெரிய தொகையாகவும் இருந்தால் பழைய ஆண்டுகளைத் திருத்தி மீள எழுதியே ஆக வேண்டும். வேறுபாடு ஒன்றுதான்: அந்தக் கணக்குகளை அங்கீகரித்த நேரத்தில் இந்தத் தகவல் கையில் இருந்ததா, அல்லது நியாயமாகத் தேடியிருந்தால் கிடைத்திருக்குமா? 2019இலேயே விநியோகஸ்தர் எழுத்தில் 15 ஆண்டு என்று தந்திருந்து, யாரோ அதைக் கோப்பில் போட்டுவிட்டு 10 என்று எழுதியிருந்தால் அது பிழை. எஞ்சிய பெறுமதியைக் கழிக்க மறந்து முழுக் கிரயத்தையும் பிரித்திருந்தால் அதுவும் பிழை. உங்கள் விடயம் அப்படி இல்லை. மீட்டர் குறைவாக ஓடுகிறது என்பது 2022இலேயே தெரிந்திருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்தத் தட்டுப்பாடு ஆறு மாதமா, ஆறு ஆண்டா என்று அப்போது யாராலும் சொல்லியிருக்க முடியாது. பின்னர் ஓட்டம் ஓர் அளவில் நிலைபெற்று, பொறியியலாளர் இயந்திரத்தைத் திறந்து பார்த்த பிறகே 8 ஆண்டு என்று சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். இதை மதிப்பீட்டு மாற்றம் என்றே நான் கொள்வேன். ஒரு நிபந்தனை: ஆண்டு முடிவுகளில் ஆயுளைப் பற்றி யாராவது யோசித்ததற்கு ஒரு வரிக் குறிப்பாவது உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவுமே இல்லையென்றால் தம்பியின் மேலதிகாரி சற்றுக் கடினமாகக் கேட்பார்.

இயந்திரம் சும்மா நின்ற மாதங்களைப் பற்றி முதலாளிக்கு ஒரே பதில்தான். நேர்கோட்டு முறையில் தேய்வு காலத்தோடு ஓடும், மீட்டரோடு அல்ல. நின்றாலும் இயந்திரம் பழசாகிறது, புதிய மாதிரி வருகிறது, உருளையின் ரப்பர் இறுகுகிறது. உற்பத்தி அலகு முறையில் எழுதியிருந்தால் ஒன்றும் அச்சாகாத மாதத்துக்குத் தேய்வு பூச்சியமாகியிருக்கும். அந்த முறைக்கு இனி மாறலாமா என்று அவர் கேட்டால், உங்கள் அச்சகத்துக்கு அது பொருந்தக்கூடியது என்பேன். ஆனால் அந்த மாற்றமும் முன்னோக்கித்தான் செல்லும், 2022 திரும்பி வராது.

50 இலட்சம் என்ற விடயத்தில் அவருக்கு விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். அவருடைய ஊகம் நடக்காது என்பதல்ல என் வாதம். 2033இல் அந்த இயந்திரம் உண்மையிலேயே 50 இலட்சத்துக்குப் போகலாம். ஆனால் எஞ்சிய பெறுமதி என்று நியமம் கேட்பது வருங்கால விலையை அல்ல. ஆயுள் முடிவில் இருக்கப்போகும் வயதிலும் நிலையிலும் உள்ள ஓர் இயந்திரத்தை இன்று விற்றால், விற்கும் செலவு போக என்ன கிடைக்கும் என்பதையே அது கேட்கிறது. இனி வரப்போகும் விலையேற்றத்துக்கு அதில் இடமில்லை. ஏற்கெனவே நடந்துவிட்ட விலையேற்றத்துக்கு இடமுண்டு. 2019இல் ஒரு டொலர் 175 ரூபாய் அளவில் இருந்தது, இன்று 300 ரூபாயைச் சுற்றி நிற்கிறது. இறக்குமதியாகும் பழைய இயந்திரங்களின் ரூபாய் விலையில் அந்த வித்தியாசம் தெரியும். நீங்கள் கேட்டுவந்த 12 இலட்சத்தில் அதெல்லாம் அடங்கிவிட்டது. அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தேவையில்லை. நீங்கள் கேட்ட கேள்வியே சரியான கேள்வி, 14, 15 வயதான இதே மாதிரி இன்று எவ்வளவு என்பது. அதை எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் இன்னொருவரிடமும். 50 என்று போட்டால் ஆண்டுத் தேய்வு 3 இலட்சத்து 25 ஆயிரமாகச் சுருங்கும். ஆண்டுக்கு 4 இலட்சத்து 75 ஆயிரம் இலாபம் வெறும் ஆசையிலிருந்து வந்ததாக இருக்கும். கணக்காய்வாளர் முதலில் விரல் வைப்பது அங்கேதான்.

எட்டு ஆண்டு என்ற எண் எவ்வளவு உறுதியானது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தேய்வைக் குறைக்கும் எந்த மாற்றத்தையும் கணக்காய்வாளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அது அவருடைய தொழில். உங்கள் மீட்டர் உங்களுக்கு நல்ல சாட்சி. 10 ஆண்டில் 10 கோடி தாள் என்பது முதல் எண்ணம். அதில் 3 கோடி 90 இலட்சம் போனால் 6 கோடி 10 இலட்சம் மிச்சம். ஆண்டுக்கு 75 இலட்சம் என்றால் எட்டு ஆண்டும் சில வாரங்களும் வரும். பொறியியலாளரின் எண்ணுடன் இது ஒத்துப்போகிறது. இரண்டு வெவ்வேறு வழிகளில் ஒரே இடத்துக்கு வருவதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் நியமம் கேட்பது இயந்திரம் எவ்வளவு காலம் சுழலும் என்பதை அல்ல, உங்கள் அச்சகத்துக்கு எவ்வளவு காலம் பயன்படும் என்பதை. இரண்டு விடயங்கள் அந்த எட்டைக் குறைக்கக்கூடும். ஒன்று, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகள் போன்ற உதிரிப்பாகங்களை உற்பத்தியாளர் எத்தனை ஆண்டு தருவார் என்பது. உருளைகள் நல்ல நிலையில் இருந்தும், ஒரு பலகை கிடைக்காமல் மூலையில் நிற்கும் இயந்திரங்கள் அச்சகத் தொழிலில் உண்டு. விநியோகஸ்தரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். மற்றது முதலாளியின் மனம். 2030இல் இதை விற்றுவிட்டுப் புதியது எடுக்கலாம் என்று அவர் ஏற்கெனவே யாரிடமாவது, குறிப்பாக வங்கியிடம், சொல்லியிருந்தால் ஆயுள் 2030 வரைதான். அப்போது எஞ்சிய பெறுமதியும் 12 இலட்சமாக இராது, அந்த வயது இயந்திரத்தின் இன்றைய விலையை மீண்டும் கேட்க வேண்டும்.

செப்டெம்பர் பரிசோதனையோடு பழுதுபார்ப்புச் செலவும் இருந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை. ரப்பர் உருளை, பிளாங்கெட் மாற்றியது, எண்ணெய் மாற்றியது எல்லாம் அந்த ஆண்டின் செலவு, ஏட்டுப் பெறுமதியில் சேராது. ஒரு பெரிய பகுதியையே முழுமையாக மாற்றி, அதனால்தான் ஆயுள் நீண்டது என்றால் அந்தத் தொகையை 76 இலட்சத்துடன் சேர்த்து, கழற்றிய பழைய பகுதிக்கு ஏட்டில் மிச்சமிருந்ததை நீக்கிவிட்டு, அதன் பிறகே எட்டால் பிரிக்க வேண்டும்.

திகதியைப் பற்றி ஒரு சொல். க.பொ.த. உயர்தர வினாத்தாள் பாணியில் பழகியவர்கள் எந்த மாற்றத்தையும் ஆண்டின் முதல் நாளிலிருந்து எடுப்பார்கள். அப்படி 2025 ஏப்ரல் 1இலிருந்து எடுத்தால், 84இலிருந்து 12 போக 72 இலட்சத்தை எட்டரை ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 8 இலட்சத்து 47 ஆயிரம் வரும். இந்த ஆண்டுத் தேய்வு 12 இலட்சத்துக்குப் பதிலாக அதுவாகிவிடும். மீளாய்வை ஆண்டு முடிவில் மட்டும் செய்கிற இடங்களில் இந்த வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன், கணக்காய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்களிடம் செப்டெம்பர் 30 என்று திகதியிட்ட அறிக்கை இருக்கிறது. எனவே மதிப்பீடு மாறிய நாள் அதுதான் என்று ஒக்டோபர் 1இலிருந்து எடுங்கள். அறிக்கையை ஏற்றுப் பணிப்பாளர்கள் எடுத்த தீர்மானத்தையும் கோப்பில் வையுங்கள். அப்படி ஒரு தீர்மானம் இன்னும் எழுதப்படவில்லையென்றால் எழுதும் நாளின் திகதியையே போடுங்கள், கடந்துபோன திகதியைப் போட வேண்டாம்.

நிதிக்கூற்றுகளில் குறிப்பு அவசியம். மாற்றத்தின் தன்மையையும், இந்த ஆண்டிலும் வரும் ஆண்டுகளிலும் அதனால் ஏற்படும் தொகையையும் வெளிப்படுத்த வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அச்சியந்திரத்தின் எஞ்சிய பயன்தரு ஆயுட்காலம் 2025 ஒக்டோபர் 1 முதல் மூன்றரை ஆண்டிலிருந்து 8 ஆண்டாகவும், எஞ்சிய பெறுமதி 20 இலட்சம் ரூபாயிலிருந்து 12 இலட்சம் ரூபாயாகவும் மீள்மதிப்பிடப்பட்டது. இதனால் நடப்பாண்டின் பெறுமானத்தேய்வு 4 இலட்சம் ரூபாயால் குறைந்துள்ளது. 2028/29 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாயால் குறையும். அதன் பின்னர் 2033 செப்டெம்பர் வரை மொத்தம் 36 இலட்சம் ரூபாயால் கூடும்."

கடைசி வாக்கியத்தை முதலாளி எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள். குறைவதை மட்டும் சொல்லிக் கூடுவதை மறைத்த குறிப்பு அரைக் குறிப்பு.

வருமான வரியில் இதனால் ஒன்றும் மாறாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இயந்திரத்துக்குத் தரும் மூலதனக் கொடுப்பனவு அதன் அட்டவணைப்படி செல்லும், உங்கள் பொறியியலாளரின் அறிக்கை அதைத் தொடாது. வரிக் கணிப்பில் இம்முறை 16க்குப் பதில் 12 இலட்சத்தை இலாபத்துடன் திரும்பச் சேர்ப்பீர்கள். கூடிய இலாபமும் குறைந்த சேர்ப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பிற்போடப்பட்ட வரி கணக்கிடுகிறீர்கள் என்றால், மார்ச் 31இல் 72 இலட்சம் என்ற புதிய ஏட்டுப் பெறுமதியை வைத்துப் போடுங்கள்.

அச்சகத்தில் இந்த ஓர் இயந்திரம் மட்டுமா இருக்கிறது? வெட்டும் இயந்திரமும் மடிக்கும் இயந்திரமும் இதே ஆண்டுகளில் இதேபோல் குறைவாகத்தான் ஓடியிருக்கும். தொகை பெரிய ஒன்றுக்கு மட்டும் ஆயுளைக் கூட்டிவிட்டு மற்றவற்றைப் பார்க்காமல் விட்டால் அது தெரிந்தெடுத்த வேலையாகத் தோன்றும். மாற்றம் தேவையில்லை என்று முடிவானாலும் பார்த்ததை எழுதி வையுங்கள்.

இந்த எட்டும் நிரந்தரமல்ல. ஒவ்வொரு மார்ச் 31உம் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 2028 மார்ச் முடிவில் ஏட்டுப் பெறுமதி 56 இலட்சமாக இருக்கும், ஆயுள் ஐந்தரை ஆண்டு மிச்சமிருக்கும். அப்போது தேர்தல் சுவரொட்டியும் பாடப்புத்தகமும் குவிந்து இரண்டு முறைப்பணி ஓடி, இன்னும் நான்கு ஆண்டுதான் தாங்கும், எஞ்சிய பெறுமதி அதே 12 என்று தெரியவந்தால், 44 இலட்சத்தை நான்கால் பிரித்து 2028 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 11 இலட்சம் எழுதுவீர்கள். அப்போதும் 2025இல் போட்ட எட்டைக் குறை சொல்லி, இடையில் எழுதிய 8 இலட்சங்களைத் திருத்தப் போகாதீர்கள்.